ஒரு பங்கின் ஜாதகம்

1993 பிப்ரவரியில் இன்ஃபோசிஸ் பொதுமக்களுக்குப் பங்கு வெளியிட்டபோது ஒரு பங்கு 95 ரூபாய். முகமதிப்பு 10 ரூபாய், அதன் மேல் பிரீமியம் 85 ரூபாய். வாங்க ஆளில்லாமல் வெளியீடு முழுதாக நிரம்பவில்லை என்பதும், மார்கன் ஸ்டான்லி வந்து 13 சதவீதத்தை எடுத்துக்கொண்டது என்பதும் சந்தைக்காரர்கள் இன்றும் பேசும் பழங்கதை. ஜூன் மாதம் சந்தைக்கு வந்தபோது 145 ரூபாய்க்குத் தொடங்கியது. அந்த 95 ரூபாயை இன்றைய பங்கின் கணக்குக்கு மாற்றினால் ஒன்பது பைசா சொச்சம் வரும். அன்று நூறு பங்கு வாங்கி எதையும் விற்காமல் வைத்திருந்தவரிடம் இன்று 1,02,400 பங்குகள் இருக்க வேண்டும்.

இந்த எண்ணை இணையத்தில் பல இடங்களில் பார்க்கலாம். எப்படி வந்தது என்று கேட்டால் பெரும்பாலானோர் சொல்வது "நிறைய போனஸ் கொடுத்தார்கள்" என்பதோடு நின்றுவிடும். எப்போது, எந்த விகிதத்தில், எந்தத் தேதியிலிருந்து என்று ஒவ்வொன்றாகப் பிடித்தால்தான் பழைய விலையையும், பழைய டிவிடெண்டையும், விற்கும்போது கட்ட வேண்டிய வரியையும் சரியாகக் கணக்கிட முடியும். விகிதம் சுலபம், எங்கும் கிடைக்கும். ஆளைத் திணறடிப்பது தேதி.

முதலில் விகிதத்தை முடித்துவிடுவோம். பங்குப் பிரிப்பு என்றால் முகமதிப்பை உடைப்பது. 10 ரூபாய் முகமதிப்புள்ள ஒரு பங்கு, 5 ரூபாய் முகமதிப்புள்ள இரண்டு பங்குகளாகும். போனஸ் என்றால் நிறுவனம் தன் கையிருப்பு லாபத்தைப் பங்கு மூலதனமாக மாற்றி, ஏற்கெனவே பங்கு வைத்திருப்பவர்களுக்குக் காசு வாங்காமல் புதுப் பங்கு கொடுப்பது. இதில் முகமதிப்பு மாறாது. இரண்டிலும் பங்கின் எண்ணிக்கை கூடும், விலை அதே அளவுக்கு இறங்கும். பங்குதாரருக்கு அன்று லாபமும் இல்லை, நட்டமும் இல்லை.

பட்டியலிடப்பட்ட பிறகு இன்ஃபோசிஸ் கொடுத்தவற்றை வரிசையாகப் பார்த்தால், 1994, 1997, 1999 ஆண்டுகளில் ஒன்றுக்கு ஒன்று போனஸ். 2000 தொடக்கத்தில் முகமதிப்பு பத்திலிருந்து ஐந்தாகப் பிரிந்தது. 2004 ஜூலையில் ஒன்றுக்கு மூன்று போனஸ். அதன் பிறகு 2006 ஜூலை, 2014 டிசம்பர், 2015 ஜூன், 2018 செப்டம்பர் என நான்கு முறை ஒன்றுக்கு ஒன்று. ஒன்றுக்கு ஒன்று கிடைத்தால் கையிலிருப்பது இரண்டு மடங்கு. ஒன்றுக்கு மூன்று கிடைத்தால் பழைய ஒன்றும் சேர்ந்து நான்கு மடங்கு. 2004-ஐ மூன்று மடங்கு என்று போட்டுவிட்டுக் கணக்கு உதைக்கிறதே என்று தலையைச் சொறிபவர்கள் உண்டு. பெருக்கிப் பாருங்கள்: 2×2×2×2×4×2×2×2×2 = 1024. நூறு பங்கு 1,02,400 ஆவது இப்படித்தான்.

இனி தேதி. முதல் வலை நிறுவனம் தரும் பட்டியலிலேயே இருக்கிறது. இன்ஃபோசிஸ் தன் போனஸ் வரலாற்றை நிதியாண்டுக் கணக்கில் தருகிறது. ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடியும் ஆண்டை, முடியும் வருடத்தின் பெயரால் குறிப்பார்கள். ஆகவே 2004 ஜூலையில் வந்த போனஸ் அந்தப் பட்டியலில் 2005 என்றும், 2006 ஜூலையில் வந்தது 2007 என்றும், 2018 செப்டம்பரில் வந்தது 2019 என்றும் இருக்கும். செய்தித்தாளிலிருந்து ஒருவர் 2018 என்று எழுதிக்கொள்கிறார். பிறகு நிறுவனத்தின் பட்டியலில் 2019-ஐப் பார்த்து, அது இன்னொரு போனஸ் என்று நினைத்து அதையும் சேர்த்துக்கொள்கிறார். கணக்கு ஒரேயடியாக இரட்டித்துவிடும். இரண்டு இடங்களிலிருந்து தகவல் எடுக்கும் யாருக்கும் இது நடக்கலாம். வருடத்தை மட்டும் குறித்துவைப்பது போதாது என்பதற்கு இந்த ஒன்றே போதும்.

சரி, நாளை எங்கே பிடிப்பது? பங்குச் சந்தைக்கு நிறுவனம் கொடுக்கும் அறிவிப்பில். மும்பை பங்குச் சந்தையின் தளத்தில் 500209 என்ற எண்ணிலும், தேசியப் பங்குச் சந்தையின் தளத்தில் INFY என்ற பெயரிலும் இன்ஃபோசிஸ் இருக்கிறது. இரண்டிலும் இரண்டு வகைப் பக்கங்கள் உண்டு. ஒன்று, நிறுவனம் அனுப்பிய கடிதங்கள் நாள்வாரியாகக் கிடக்கும் பக்கம். இன்னொன்று, டிவிடெண்ட், போனஸ், பிரிப்பு என்று சந்தையே வகைபிரித்துத் தேதியோடு தொகுத்து வைத்திருக்கும் பக்கம். அவசரக்காரர்கள் இரண்டாவதோடு நிறுத்திக்கொள்வார்கள். இரண்டையும் ஒப்பிடுவது நல்லது. ஏனென்றால் ஒரே போனஸுக்கு நாலைந்து தேதிகள் உண்டு. எந்தத் தேதி எதற்கானது என்பது கடிதங்களைப் படித்தால்தான் தெரியும்.

2018 போனஸையே எடுத்துக்கொள்வோம். ஜூலை 13 அன்று காலாண்டு முடிவுகளோடு சேர்த்து, சந்தைக்கு வந்து இருபத்தைந்து ஆண்டு ஆனதை முன்னிட்டு ஒன்றுக்கு ஒன்று போனஸ் தரலாம் என்று இயக்குநர் குழு பரிந்துரைத்தது. மறுநாள் பத்திரிகைகளில் தலைப்புச் செய்தி. பலருடைய குறிப்பேட்டில் போனஸ் தேதியாக ஏறியதும் அந்த நாள்தான். ஆனால் அன்று எந்தப் பங்கும் இரண்டாகவில்லை. அது வெறும் பரிந்துரை. அதன் பிறகு தபால் வாக்கெடுப்பில் பங்குதாரர்களின் ஒப்புதல் வாங்கினார்கள். செப்டம்பர் 5-ஐ ரெக்கார்டு தேதி என்று அறிவித்தார்கள். அந்த நாள் முடியும்போது யார் பெயரில் பங்கு இருக்கிறதோ அவருக்குத்தான் போனஸ்.

ஆனால் விலை பாதியானது செப்டம்பர் 5-இல் அல்ல, அதற்கு முந்தைய நாளான 4-இல். காரணம், அன்றைக்கு நம் சந்தையில் பங்கு வாங்கினால் இரண்டு வேலை நாள் கழித்துத்தான் கணக்கில் வரும். செப்டம்பர் 3 அன்று வாங்கியவருக்கு 5-ஆம் தேதி பங்கு வந்துவிடும், போனஸ் உண்டு. 4-ஆம் தேதி வாங்கியவருக்கு 6-ஆம் தேதிதான் வரும், போனஸ் இல்லை. போனஸ் இல்லாத பங்குக்கு யார் முழு விலை கொடுப்பார்கள்? ஆயிரத்து நானூற்றுச் சொச்சத்தில் இருந்த விலை அன்று காலை எழுநூற்றுச் சொச்சத்தில் தொடங்கியது. இப்படி உரிமை கழன்றுவிட்ட முதல் வர்த்தக நாளைத்தான் எக்ஸ் தேதி என்கிறார்கள். விலை வரலாற்றைத் திருத்த வேண்டிய கோடு இங்கேதான் விழ வேண்டும். செப்டம்பர் 3 வரையான எல்லா விலைகளையும் இரண்டால் வகுக்க வேண்டும். 4-ஆம் தேதி முதல் உள்ளவற்றைத் தொடக்கூடாது. ஒரே ஒரு நாள் தவறினாலும் வரைபடத்தில் அந்த நாள் பாதியாகக் குழி விழுந்தோ, இரு மடங்காக முளைத்தோ நிற்கும். திருத்திய விலைப் பட்டியலை வரைந்து பார்த்தால் இந்தப் பிழை கண்ணில் குத்தும். அதனால் இது ஆபத்து குறைந்த பிழை.

அடுத்து, புதுப் பங்குகள் ஒதுக்கீடு செய்யப்பட்ட தேதி. பிறகு அவை விற்கத் தகுந்தவையாகச் சந்தையில் அனுமதிக்கப்பட்ட தேதி. எக்ஸ் தேதிக்கும் இவற்றுக்கும் நடுவில் முன்பெல்லாம் ஒரு வாரத்துக்கு மேல்கூட ஆகும். விலை பாதியாகிவிடும், புதுப் பங்கு வந்திருக்காது, கைபேசிச் செயலி ஐம்பது சதவீத நட்டம் என்று சிவப்பில் காட்டும். பதறிப்போய் புரோக்கரைக் கூப்பிடுபவர்கள் ஒவ்வொரு போனஸுக்கும் உண்டு. 2024 அக்டோபர் முதல் செபி இந்த இடைவெளியைச் சுருக்கிவிட்டது. ரெக்கார்டு தேதிக்கு இரண்டாவது வேலை நாளில் போனஸ் பங்கை விற்கலாம்.

ரெக்கார்டு தேதியிலிருந்து ஒரு வேலை நாள் கழித்தால் எக்ஸ் தேதி என்று மனப்பாடம் செய்துவிட முடியாது. அந்தக் கணக்கு 2003 ஏப்ரல் முதல் இருந்த இரண்டு நாள் தீர்வு முறைக்குத்தான் பொருந்தும். 2023 ஜனவரி 27-உடன் இந்தியச் சந்தை முழுமையாக ஒரு நாள் தீர்வுக்கு மாறிவிட்டது. வாங்கிய மறுநாளே பங்கு வந்துவிடுவதால் இப்போது ரெக்கார்டு தேதியும் எக்ஸ் தேதியும் ஒரே நாள். விப்ரோவின் 2024 போனஸுக்கு இரண்டுமே டிசம்பர் 3. இதே இன்ஃபோசிஸின் 2014 போனஸில் ரெக்கார்டு தேதியும் டிசம்பர் 3தான். ஆனால் எக்ஸ் தேதி டிசம்பர் 2. பார்க்க ஒன்றுபோல் இருக்கும் இரண்டு தேதிகள், இரண்டு வேறு விதிகள். 2003-க்கு முன்னால் போனால் தீர்வு முறை இன்னும் நீளம். ரெக்கார்டு தேதிக்குப் பதிலாகச் சில நாட்கள் பதிவேட்டை மூடிவைக்கும் வழக்கமும் இருந்தது. அங்கே வாய்ப்பாடு எதுவும் உதவாது. அன்றாட விலைப் பட்டியலை எடுத்து, விலை எந்த நாளில் உடைந்தது என்று பார்த்துத்தான் தேதியைப் பிடிக்க வேண்டும்.

அப்படியானால் அறிவிப்பு எதற்கு, விலை உடைந்த இடங்களைப் பார்த்தே எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிடலாமே என்று தோன்றும். கணினியில் இப்படிச் செய்து பார்ப்பவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கு 2003 ஏப்ரல் 10 என்ற நாளைக் காட்ட வேண்டும். வரும் ஆண்டு வளர்ச்சி குறையும் என்று இன்ஃபோசிஸ் அறிவித்த அன்று, ஒரே நாளில் பங்கு நான்கில் ஒரு பங்குக்கு மேல் சரிந்தது. இப்போது விப்ரோவின் 2019 மார்ச் போனஸைப் பாருங்கள். அது மூன்றுக்கு ஒன்று, அதாவது மூன்று வைத்திருந்தால் நான்கு. அதனால் விலை இறங்க வேண்டியது சரியாக நான்கில் ஒரு பங்கு. விலைப் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் தெரியும். ஒன்றில் பணம் நிஜமாகவே போனது. இன்னொன்றில் ஒரு பைசா போகவில்லை. பிரித்துச் சொல்வது சந்தைக்கு வந்த கடிதம் மட்டும்தான்.

விப்ரோவின் இந்த உதாரணம் இன்னொரு குழப்பத்தையும் காட்டுகிறது. சந்தை அறிவிப்பில் அது "1:3" என்றுதான் இருக்கும். முதல் எண் புதிதாகக் கிடைப்பது, இரண்டாவது ஏற்கெனவே வைத்திருக்க வேண்டியது. இன்ஃபோசிஸின் 2004 போனஸ் "3:1". இரண்டையும் இடம் மாற்றிப் படித்தால் கணக்கு மூன்று மடங்கு தப்பும். அமெரிக்கத் தளங்கள் பிரிப்பையும் போனஸையும் பிரித்துப் பார்க்காமல், ஒன்றுக்குப் பதில் எத்தனை ஆனது என்று மொத்தமாக எழுதும். அங்கே இதே 2004 போனஸ் 4:1 என்று தெரியும். எண்ணைக் குறிக்கும்போதே "ஒன்று நான்கானது", "மூன்று நான்கானது" என்று சொல்லால் எழுதிவைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை.

ஒரே நாளில் பிரிப்பும் போனஸும் சேர்ந்து வருவதும் உண்டு. 2005 செப்டம்பரில் ஐடிசி முகமதிப்பைப் பத்திலிருந்து ஒன்றாக உடைத்து, அதோடு இரண்டுக்கு ஒன்று போனஸும் கொடுத்தது. பத்து மடங்கு, அதன் மேல் ஒன்றரை மடங்கு, ஆக ஒரு பங்கு பதினைந்து. ஒன்றைப் பார்த்துவிட்டு இன்னொன்றைக் கோட்டைவிட்டால் அந்தப் பங்கின் முந்தைய வரலாறு முழுக்கக் கோணலாகிவிடும்.

பிரிப்பைக் கண்டுபிடிக்க ஒரு குறுக்குவழி இருக்கிறது. அதை யாரும் அதிகம் பயன்படுத்துவதில்லை. ஒவ்வொரு பங்குக்கும் பன்னிரண்டு எழுத்துள்ள அடையாள எண் உண்டு, டீமேட் கணக்கில் பார்த்திருப்பீர்கள். இன்ஃபோசிஸின் எண் INE009A01021. இதில் 009A என்பது நிறுவனம். அடுத்த 01 சாதாரணப் பங்கு என்பதைக் குறிக்கிறது. அதற்கடுத்த 02 வரிசை எண். கடைசி 1 சரிபார்ப்பு இலக்கம். முகமதிப்பு மாறினால் பழைய எண் செல்லாது, வரிசை எண் ஒன்று கூடிய புது எண் கொடுப்பார்கள். போனஸுக்கு எண் மாறாது. ஆக 02 என்றால் ஒரு முறை மாறியிருக்கிறது. அது 2000-ஆம் ஆண்டுப் பிரிப்பு. முகமதிப்பு இன்றும் பத்து ரூபாயாகவே உள்ள ரிலையன்ஸ் INE002A01018, அதாவது 01-இலேயே நிற்கிறது. 2011-இலும் 2019-இலும் பிரிந்த எச்டிஎஃப்சி வங்கி INE040A01034, 03-க்கு வந்துவிட்டது. மூலதனக் குறைப்பு, இணைப்பு போன்ற காரணங்களாலும் எண் மாறுவதுண்டு. டீமேட் வருவதற்கு முன் நடந்த பிரிப்புகள் இதில் தெரியவும் தெரியாது. ஆனாலும் உங்கள் பட்டியலில் ஒரு பிரிப்பும் இல்லாமல் எண்ணில் 02 இருந்தால், எதையோ விட்டிருக்கிறீர்கள் என்று அது சொல்லிவிடும்.

இனி பைபேக், அதாவது நிறுவனமே தன் பங்கைத் திரும்ப வாங்குவது. விலை வரலாற்றைப் பொறுத்தவரை பைபேக்குக்கு எந்தத் திருத்தமும் கிடையாது. யாருடைய ஒரு பங்கும் இரண்டாவதில்லை, பாதியாவதுமில்லை. வாங்கிய பங்குகளை ஒழித்துவிடுவதால் மொத்த எண்ணிக்கை மட்டும் குறையும். ஆனாலும் அதன் தேதி தேவை, எதற்கென்று பார்ப்போம்.

இன்ஃபோசிஸின் முதல் பைபேக்கை இயக்குநர் குழு 2017 ஆகஸ்ட் 19 அன்று முடிவு செய்தது. தலைமைச் செயல் அதிகாரி விஷால் சிக்கா பதவி விலகிய மறுநாள். ஒரு பங்கு 1,150 ரூபாய், மொத்தம் 13,000 கோடி, ஏறக்குறைய 11.30 கோடிப் பங்குகள். ரெக்கார்டு தேதி நவம்பர் 1. பங்கை விற்க விருப்பம் தெரிவிக்கும் காலம் நவம்பர் 30 முதல் டிசம்பர் 14 வரை. இப்படி எல்லாருக்கும் ஒரே விலையில், ரெக்கார்டு தேதி வைத்து வாங்குவது ஒரு வகை. இன்னொரு வகையில் ரெக்கார்டு தேதியே கிடையாது. 2019 மார்ச் 20 முதல் ஆகஸ்ட் 26 வரை இன்ஃபோசிஸ் சந்தையிலேயே மற்றவர்களைப்போல் நின்று, 800 ரூபாய்க்கு மிகாமல், 8,260 கோடிக்கு ஏறத்தாழ 11.05 கோடிப் பங்குகளை வாங்கியது. விற்றவருக்கு எதிரே வாங்கியது யார் என்றே தெரியாது. இதைத் தேதியாகக் குறிக்க முடியாது, காலமாகத்தான் குறிக்க முடியும். செபி இந்த வழியைப் படிப்படியாகச் சுருக்கி 2025 ஏப்ரலுடன் நிறுத்தியது. அந்த ஆண்டு நவம்பர் 14 என்று ரெக்கார்டு தேதி வைத்து, 1,800 ரூபாய்க்கு இன்ஃபோசிஸ் நடத்திய 18,000 கோடி பைபேக் முதல் வகைதான்.

1,150, 800, 1,800 என்று வரிசையாக எழுதிப் பார்த்தால், 2017-க்கும் 2019-க்கும் நடுவில் பங்கு சரிந்துவிட்டது போலத் தோன்றும். நடுவில் 2018 போனஸ் இருக்கிறது. அதற்கு முந்தைய 1,150 இன்றைய பங்குக்கு 575 ரூபாய்தான். 575-லிருந்து 800-க்கு ஏறியிருக்கிறது. பைபேக்குக்குத் திருத்தம் இல்லை; பைபேக் விலைக்கு உண்டு. டிவிடெண்டும் இப்படித்தான். 2004-இல் வருமானம் நூறு கோடி டாலரைத் தாண்டியதைக் கொண்டாட இன்ஃபோசிஸ் பங்குக்கு 100 ரூபாய் சிறப்பு டிவிடெண்ட் கொடுத்தது. அது அந்த ஆண்டு ஜூலை போனஸுக்கு முந்தைய பங்குக்குக் கொடுத்தது. நான்கு, இரண்டு, இரண்டு, இரண்டு, இரண்டு என்று பெருக்கி 64-ஆல் வகுத்தால் இன்றைய பங்குக்கு ஒன்றரை ரூபாய் சொச்சம். நூறு ரூபாயா கொடுத்தார்கள் என்று வாய்பிளப்பவர்கள் இதையும் கேட்டுக்கொள்ளலாம்.

பைபேக் தேதி நிஜமாகவே கைகொடுப்பது கணக்கைச் சரிபார்க்கும்போது. நிறுவனங்கள் ஒவ்வொரு காலாண்டும் மொத்தப் பங்குகள் எத்தனை, யார் யாரிடம் எத்தனை என்று சந்தைக்குப் பட்டியல் கொடுக்கின்றன. அதிலுள்ள மொத்த எண்ணிக்கையை மட்டும் வரிசையாக எழுதுங்கள். 2014 போனஸுக்கு முன் 57.42 கோடி. அதன் பின் 114.85 கோடி. 2015 போனஸுக்குப் பின் 229.69 கோடி. 2017 பைபேக்கில் 11.30 கோடி ஒழிந்து 218.4 கோடிக்கு அருகில். 2018 போனஸில் அது 436.8 கோடி. 2019-இல் 11.05 கோடி குறைந்து 426 கோடியை ஒட்டி. ஊழியர்களுக்கு அவ்வப்போது கொடுக்கும் பங்குகளால் கடைசி இலக்கங்கள் கொஞ்சம் ஆடும், அது பொருட்டில்லை. ஒவ்வொரு படியும் நீங்கள் எழுதிவைத்த ஏதாவதொரு நிகழ்ச்சியில் போய் முடிய வேண்டும். முடியாத படி ஒன்று இருந்தால் அந்தக் காலாண்டின் கடிதங்களைத் தோண்ட வேண்டும். பைபேக்கைப் பட்டியலில் சேர்க்காதவருக்கு 229-இல் இருந்து 218 ஆனது ஏன் என்று விளங்காது. 436 என்பது 229-இன் இரு மடங்காக இல்லையே என்று போனஸ் விகிதத்தையே சந்தேகிக்கத் தொடங்கிவிடுவார்.

எண்ணிக்கை கூடியது பிரிப்பாலா, போனஸாலா என்பதற்கு அதே அறிக்கையில் பங்கு மூலதனத்தை ரூபாயில் பாருங்கள். 2000-இல் பிரித்தபோது இன்ஃபோசிஸின் மூலதனம் 33 கோடி ரூபாய், பிரித்த பிறகும் அதே 33 கோடி. காகிதம் மட்டும் இரண்டானது. 2004 போனஸில் அது 133 கோடிக்கு மேல் போனது. தொண்ணூறுகளின் சந்தை அறிவிப்புகள் இணையத்தில் அகப்படுவது அரிது. அந்தக் காலத்துக்கு ஆண்டறிக்கையில் இருக்கும் இந்த மூலதனக் குறிப்புதான் நம்பகமான சான்று. அதில் பக்கத்திலேயே, இத்தனை பங்குகள் போனஸாக வந்தவை என்று எழுதியிருப்பார்கள்.

வீட்டு பீரோவில் பழைய காகிதச் சான்றிதழ் அகப்பட்டவர்களுக்கும் இந்த வேலை தேவைப்படுகிறது. சான்றிதழில் முகமதிப்பு பத்து ரூபாய் என்றிருந்தால் அது 2000-க்கு முந்தையது. ஒவ்வொரு போனஸுக்கும் அந்தக் காலத்தில் தனிச் சான்றிதழ் தபாலில் வந்தது. வீடு மாறியவர்களுக்கு வந்து சேராததும் உண்டு. தொடர்ந்து ஏழு ஆண்டு டிவிடெண்ட் கோரப்படாவிட்டால் பங்குகள் அரசின் முதலீட்டாளர் பாதுகாப்பு நிதிக்குப் போய்விடும். அங்கிருந்து மீட்க மனுப் போடுபவர், தனக்கு எத்தனை பங்கு சேர வேண்டும் என்பதைக் கையிலிருக்கும் காகிதத்தை எண்ணிச் சொல்லக்கூடாது. அந்தக் காகிதத்தின் தேதிக்குப் பின் வந்த ஒவ்வொரு நிகழ்ச்சியையும் பெருக்கித்தான் சொல்ல வேண்டும்.

வரியில் தேதியின் கனம் இன்னும் கூடுதல். பட்டியலிட்ட பங்கின் நீண்டகால லாபத்துக்கு 2018 ஏப்ரல் முதல் மீண்டும் வரி வந்தபோது, அதுவரை ஏறிய லாபத்தைத் தொட மாட்டோம் என்று அரசு ஒரு சலுகை கொடுத்தது. 2018 ஜனவரி 31 அன்று கையிலிருந்த பங்குக்கு, அன்றைய உச்ச விலையை வாங்கிய விலையாக வைத்துக்கொள்ளலாம் (விற்ற விலை அதைவிடக் குறைவாக இருந்தால் விற்ற விலை வரைதான்). போனஸ் பங்குக்கோ வாங்கிய விலை பூஜ்யம். அதன் வயது ஒதுக்கீடு செய்த நாளிலிருந்துதான் தொடங்கும். இந்த இரண்டையும் இன்ஃபோசிஸின் மீது பொருத்துங்கள். 1993-இல் நூறு வாங்கியவரிடம் 2018 ஜனவரியில் 51,200 பங்குகள் இருந்தன. அவற்றில் ஏறக்குறைய எல்லாமே போனஸில் வந்தவைதான் என்றாலும், அன்று கையில் இருந்ததால் சலுகை உண்டு. மிச்ச 51,200 செப்டம்பரில் வந்தவை. அவற்றுக்குச் சலுகையும் இல்லை, வாங்கிய விலையும் இல்லை. விற்ற பணம் முழுவதும் லாபக் கணக்கில் சேரும். டீமேட் கணக்கில் முதலில் வந்தது முதலில் விற்றதாகக் கணக்கு என்பதால், பாதிக்கு மேல் விற்கும்போதுதான் இது தலைதூக்கும். செப்டம்பரில் நடந்தது போனஸாக இல்லாமல் பிரிப்பாக இருந்திருந்தால் கதையே வேறு. பழைய விலை இரண்டாகப் பங்கிடப்பட்டு, பிரிந்த எல்லாப் பங்குகளுக்கும் பழைய வயதே தொடர்ந்திருக்கும். எண்ணிக்கை இரட்டிப்பது இரண்டிலும் ஒன்றுதானே என்று இருந்துவிட முடியாது.

பலர் வழுக்கி விழும் கடைசி இடமும் இதுதான். அந்த ஜனவரி 31 விலையை இன்றைய வரைபடத்தில் தேடினால், பின்னால் வந்த போனஸுக்காகப் பாதியாக்கப்பட்ட விலைதான் கிடைக்கும். அன்று சந்தையில் நிஜமாக நடந்த விலை ஆயிரத்து நூறுக்கு மேல். பாதி விலையைப் போட்டுக் கணக்குத் தாக்கல் செய்பவர், கட்ட வேண்டியதில்லாத வரியைத் தானே வலியப் போய்க் கட்டுகிறார். ஆகவே அந்த ஒரு நாளுக்கு மட்டும், சந்தையின் திருத்தப்படாத அன்றாட விலைப் பட்டியலிலிருந்து உச்ச விலையை எடுத்து, அந்தப் பக்கத்தின் நகலையும் எடுத்துவைத்துக்கொண்டு உங்கள் ஆடிட்டரிடம் போங்கள்.